தாஜ்மகால் முன்னால் நிற்பவர் யார்?

என் பெரியம்மாவின் ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. கட்டம் போட்ட சட்டை, முழங்கை வரை மடித்த கை, தலையில் கொஞ்சம் எண்ணெய்ப் பளபளப்பு. ஒரு ஆள் தாஜ்மகாலுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிறார். போன வருடம் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது "இவர் யார்?" என்று கேட்டேன். ஒரு சித்தப்பா "டெல்லியில் வேலை பார்த்த நம்ம மாமா, சந்தேகமே இல்லை" என்றார். இன்னொருவர், "நிற்கிற நிலையைப் பார், மிலிட்டரிக்காரர்தான். பெரியப்பாவோட சிநேகிதர்" என்றார். பெரியம்மாவுக்கு நினைவில்லை. படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

இரண்டு பேருமே படத்தில் இல்லாத ஒன்றைத்தான் படத்திலிருந்து எடுத்தார்கள். தாஜ்மகால் ஆக்ராவில் இருக்கிறது, ஆக்ரா டெல்லிக்குப் பக்கம், டெல்லியில் நமக்கு ஒரு மாமா இருந்தார், ஆகவே இது மாமா. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி மட்டும்தான் படத்தில் இருப்பது. மீதியெல்லாம் அவர் மனதில் ஏற்கெனவே இருந்தவை.

ஒரு படத்தைப் பார்த்ததும் நமக்குள் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது எந்த இடம்? இவர் யார்? முதல் கேள்விக்குப் பின்னணிக் கட்டடம் நல்ல பதில் தரும். தாஜ்மகால் உலகத்தில் ஒன்றுதான் என்பதால், அது தெரிந்தால் இடம் ஏறக்குறைய தெரிந்தது மாதிரி. (ஸ்டுடியோவில் தொங்கும் வரைந்த திரை இல்லையே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஸ்டுடியோக்களில் தாஜ்மகால் திரை சாதாரணம்.) இடத்துக்குப் பதில் கிடைத்த அந்த உறுதியை நம் மனம் அப்படியே இரண்டாவது கேள்விக்கும் தூக்கிப் போட்டுவிடுகிறது. தவறு நடப்பது அங்கேதான்.

ஒரு தடயம் ஆளை அடையாளம் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு எளிய கேள்வி போதும். இதே தடயம் வேறு எத்தனை பேருக்குப் பொருந்தும்? தாஜ்மகாலுக்கு ஒவ்வொரு வருடமும் பல லட்சம் பேர் போகிறார்கள். 1992-ல் இளவரசி டயானா உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட பளிங்கு இருக்கையில், அதே கோணத்தில், அதே மாதிரி கால் மடித்து உட்கார்ந்து எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் இருக்கை ஒன்று, பின்னணி ஒன்று, ஆட்கள் மட்டும் வேறு வேறு. இப்போது ஒரு சின்ன ஊர் ரேஷன் கடை வாசலில் ஒருவர் பையோடு நிற்கும் படத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே அன்றாடம் வந்து போகிறவர்கள் சில நூறு குடும்பத்து ஆட்கள்தான். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டினால் பெயரே சொல்லிவிடுவார்.

ஆக, இடம் எவ்வளவு பிரபலமோ அந்த அளவுக்கு அது ஆளைப் பற்றிச் சொல்வது குறைவு. எங்கே என்ற கேள்விக்கு அந்தப் பிரபலம் உதவுகிறது, யார் என்ற கேள்விக்கு அதுவே தடையாக நிற்கிறது. எல்லோரும் போய் நிற்கிற இடத்தில் ஒருவர் நிற்பதால், அவர் அந்த எல்லோரில் ஒருவர் என்பதுதான் தெரியவருகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் ஹார்வர்டு சிலை ஒன்று இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதன் இடது காலணியைத் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பித்தளை மாதிரி மின்னுகிறது. அந்தக் காலணியில் கைவைத்து எடுத்த படத்தை யாராவது அனுப்பினால், "ஹார்வர்டில் படித்தவர் போல" என்று சட்டென்று நினைத்துவிடுகிறோம். ஒரு நாள் சுற்றிப்பார்க்கப் போனவரிடமும் அதே படம் இருக்கும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. அந்தச் சிலையே ஜான் ஹார்வர்டின் முகம் கிடையாது. அவர் எப்படி இருந்தார் என்று காட்டும் படம் எதுவும் கிடைக்காததால், சிற்பி டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் ஒரு மாணவரை உட்காரவைத்து 1884-ல் அதைச் செய்தார். கீழே பெயர் பொறித்திருக்கிறது என்பதற்காக மேலே இருக்கும் முகம் அந்தப் பெயருக்குரியதாக ஆகிவிடவில்லை.

கையில் பிடித்திருக்கும் பொருளுக்கும் இதே கதைதான், இன்னும் ஒரு சிக்கல் கூட. கட்டடம் நகராது, பொருள் கைமாறும். நோபல் பதக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பரிசு பெற்றவரின் பெயரே பொறித்திருக்கும். இதைவிட உறுதியான தடயம் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் தன் பதக்கத்தை 2014-ல் ஏலத்தில் விற்றார். வாங்கியவர் ஒரு ரஷ்யத் தொழிலதிபர், பிறகு அதை வாட்சனிடமே திருப்பிக் கொடுத்தார். ரஷ்யப் பத்திரிகையாளர் திமித்ரி முராத்தவ் தன் அமைதிப் பரிசுப் பதக்கத்தை 2022-ல் உக்ரைன் அகதிக் குழந்தைகளுக்காக ஏலம் விட்டார், 10 கோடி டாலருக்கு மேல் போனது. அந்தப் பதக்கங்களை இடையில் எத்தனை கைகள் பிடித்திருக்கும்! ஏலக்கூட ஊழியர், வாங்கியவர், அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று யார் கையில் இருக்கும்போது படம் எடுத்தாலும், படத்தில் தெரிவது பெயர் பொறித்த அசல் நோபல் பதக்கம்தான்.

உலகக் கோப்பைக் கால்பந்துக் கோப்பை இன்னொரு விதம். ஜெயித்த வீரர்களும் நாட்டுத் தலைவர்களும் மட்டுமே அசலைத் தொடலாம் என்று ஃபிஃபா ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. அசல் ஃபிஃபாவிடமே இருக்கும், ஜெயித்த நாட்டுக்குக் கிடைப்பது தங்கமுலாம் பூசிய பிரதி. அச்சு அசலான பொம்மைக் கோப்பைகள் கடைகளில் விற்கின்றன. அதனால் கோப்பையோடு ஒருவர் நிற்கும் படத்தில், ஆள் யார் என்று கேட்பதற்கு முன்பே, கையில் இருப்பது எது என்பதே தெரியாது.

சரி, இடமும் பொருந்தி, உடையும் பொருந்தி, பக்கத்தில் நிற்பவர்களும் பொருந்தினால்? 2001 ஏப்ரல் 18 அன்று மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் பேயர்ன் மியூனிக் அணிக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட் ஆடவிருந்தது. ஆட்டத்துக்கு முன் அணி வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தில் எண்ணிப் பார்த்தால் 12 பேர். பன்னிரண்டாவது ஆள் கார்ல் பவர் என்ற ரசிகர். அணி உடையை உள்ளே போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்து, கடைசி நேரத்தில் ஓடிவந்து ஆண்டி கோல் பக்கத்தில் நின்றுவிட்டார். படம் உண்மை, மைதானம் உண்மை, மற்ற 11 பேரும் உண்மை. யாரும் எதையும் வெட்டி ஒட்டவில்லை. அவரைக் காட்டிக்கொடுத்தது முகமோ உடையோ இல்லை, எண்ணிக்கை. அணியில் 11 பேர்தான் என்பது படத்துக்கு வெளியே இருக்கும் விஷயம்.

படத்துக்கு வெளியே இருப்பது என்று சொன்னேன் அல்லவா, அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் எடுத்த அந்த முத்தப் படம். 1945 ஆகஸ்ட் 14, ஜப்பான் சரணடைந்த நாள். தெருவெல்லாம் கூட்டம். லைஃப் பத்திரிகையின் ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட், கறுப்புச் சீருடையில் ஒரு கடற்படைக்காரர் வெள்ளை உடைப் பெண் ஒருவரை வளைத்துப் பிடித்து முத்தமிடுவதைப் பார்த்து, அடுத்தடுத்து நான்கு முறை கிளிக் செய்தார். அதில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் பெயர் கேட்கவில்லை. சாதாரணமாகப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் இடமிருந்து வலமாகப் பெயர் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள், அன்றைய கொண்டாட்டத்தில் அது நடக்கவில்லை. இரண்டு பேர் முகமும் படத்தில் சரியாகத் தெரியாது.

இடம் எது என்பதில் யாருக்கும் துளி சந்தேகம் கிடையாது. பின்னால் தெரியும் கட்டடங்கள், விளம்பரப் பலகைகள் எல்லாம் டைம்ஸ் சதுக்கம். தேதியும் தெரியும். இவ்வளவும் தெரிந்தும், 1980-ல் லைஃப் பத்திரிகை "அந்தக் கடற்படைக்காரர் இருந்தால் முன்வரலாம்" என்று கேட்டபோது, நான்தான் என்று 11 ஆண்கள் வந்தார்கள். நான்தான் அந்தப் பெண் என்று மூன்று பேர் சொன்னார்கள். இவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அன்று டைம்ஸ் சதுக்கத்தில் கடற்படைச் சீருடையில் அலைந்தவர்கள் ஏராளம், முத்தமிட்டவர்களும் ஒருவர் இருவர் அல்ல. 35 வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கிற ஒருவருக்கு, தன் நினைவும் அந்தப் படமும் ஒன்றுதான் என்று தோன்றுவது இயல்பு.

உடை எப்படி ஏமாற்றியது என்று பாருங்கள். வெள்ளை உடை, வெள்ளைக் காலுறை, வெள்ளைக் காலணி. பார்த்தவர்கள் எல்லோரும் "நர்ஸ்" என்றார்கள், படத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையிலேயே நர்ஸாக இருந்த ஈடித் ஷெயின் என்பவர் அது நான்தான் என்று ஐசன்ஸ்டாட்டுக்குக் கடிதம் எழுதியபோது, பலரும் நம்ப அது ஒரு காரணம். ஆனால் இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளும் பெண் கிரேட்டா சிம்மர் ஃபிரீட்மன், நர்ஸே இல்லை. ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்தவர், பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தார். அவர்களுக்கும் வெள்ளை உடைதான். போர் முடிந்தது உண்மையா என்று பார்க்க வேலைக்கு நடுவில் வந்தவரைத் தெரியாத ஒருவர் இழுத்துப் பிடித்து முத்தமிட்டார், அதில் தன் விருப்பம் எதுவும் இல்லை என்று பின்னாளில் சொன்னார். உடையை வைத்து தொழிலை முடிவு செய்தார்கள், தொழிலை வைத்து ஆளைத் தேடினார்கள். முதல் படியே தவறு.

அப்புறம் ஆளை எப்படித்தான் தேடினார்கள்? கடற்படைக்காரர் விஷயத்தில் வல்லுநர்கள் பின்னணியை விட்டுவிட்டு உடம்புக்கு வந்தார்கள். ஜார்ஜ் மெண்டோன்சா என்ற மீனவரின் கையில் இருந்த தழும்பும் பச்சைகுத்தலும் படத்தில் தெரியும் குறிகளோடு பொருந்துவதாக 2005-ல் ஒரு குழு சொன்னது. அதைவிட எனக்கு வலுவாகப் படுவது இன்னொன்று. அன்று அவர் ரீட்டா என்ற பெண்ணோடு நாடகம் பார்க்கப் போயிருந்தார், பின்னால் அவரையே மணந்துகொண்டார். படத்தில் கடற்படைக்காரரின் தோளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்முகம் ரீட்டாவுடையது என்று இருவரும் காட்டினார்கள். டைம்ஸ் சதுக்கம் லட்சம் பேருக்குப் பொருந்தும். பின்னால் நிற்பது உன் காதலி என்பது எத்தனை பேருக்குப் பொருந்தும்?

ஆனால் அதோடு முடியவில்லை. ஹூஸ்டன் காவல்துறையில் தடயவியல் ஓவியராக இருந்த லோயிஸ் கிப்சன், அந்தக் கடற்படைக்காரர் நான்தான் என்று சொன்ன இன்னொருவரான கிளென் மக்டஃபியைத் தலையணையை அணைத்து அதே நிலையில் நிற்கவைத்துப் படம் எடுத்து, காது, முக எலும்பு, மணிக்கட்டு, விரல் முட்டி எல்லாம் ஒப்பிட்டு, 2007-ல் இவர்தான் என்றார். ஒரே படம், இரண்டு நிபுணர் தரப்பு, இரண்டு ஆட்கள்.

2015-ல் வானியலாளர் டொனால்ட் ஓல்சனும் அவர் கூட்டாளிகளும் மறுபடியும் பின்னணிக்கே போனார்கள், ஆனால் வேறு கேள்வியோடு. யார் என்று கேட்காமல், எத்தனை மணி என்று கேட்டார்கள். படத்தின் பின்புலத்தில் ஒரு கட்டடச் சுவரில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. பழைய வரைபடங்களையும் நூற்றுக்கணக்கான பழைய படங்களையும் தேடி, அது ஆஸ்டர் ஹோட்டலின் மேல் இருந்த பெயர்ப்பலகையின் நிழல் என்று கண்டுபிடித்தார்கள். சதுக்கத்துக் கட்டடங்களின் சின்ன மாதிரி ஒன்றைக் கட்டி, ஆகஸ்ட் 14 அன்று சூரியன் எங்கே இருந்தால் அந்த நிழல் அந்தச் சுவரில் அப்படி விழும் என்று பார்த்தார்கள். விடை மாலை 5:51.

இது யாரையும் அடையாளம் காட்டவில்லை. ஆனால் மெண்டோன்சா, கிரேட்டா இருவரின் கதையிலும் நேரம் மதியம் 2 மணி வாக்கில். அது நிழலோடு பொருந்தவில்லை. அவர்கள் ஆள் தவறா, அல்லது ஆள் சரி, அறுபது வருடப் பழைய நினைவில் மணி மட்டும் தவறா? நினைவில் நேரம் வழுக்குவது ரொம்ப சகஜம் என்பதால் நான் இரண்டாவதற்கும் இடம் கொடுப்பேன். நிழலால் அதைத் தீர்க்க முடியாது.

பின்னணியின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது. அது ஆளை உறுதி செய்யாது, ஆனால் சிலரை நீக்கும். அன்று மாலை 5:51-க்குக் கப்பலில் கடலுக்கு நடுவே இருந்தவர் என்று பதிவேடு சொன்னால், அவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் படத்தில் இருப்பவர் அவர் இல்லை. ஆனால் அந்நேரம் சதுக்கத்தில் இருந்தார் என்று நிரூபித்தாலும், அங்கிருந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர் என்பதற்கு மேல் போகாது. நீக்க ஒரு முரண்பாடு போதும். உறுதி செய்ய, வேறு யாருக்கும் பொருந்தாத ஒன்று வேண்டும்: தழும்பு, எடுத்தவர் அன்றே எழுதிய பெயர், அதே படச்சுருளில் முன்னும் பின்னும் உள்ள படங்கள்.

படச்சுருள் என்றதும்தான் எனக்கு ஆல்பம் நினைவுக்கு வந்தது. பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவில் நெகட்டிவ்கள் கிடந்தன. துண்டு துண்டாக வெட்டி, காக்கி உறைகளில். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். தாஜ்மகால் இருந்த துண்டில் ஓரத்து எண் 21. அதில் கறுப்பு வெள்ளையாகவும், வெள்ளை கறுப்பாகவும் அந்தக் கட்டம் போட்ட சட்டை. 22-லும் தாஜ்மகால்தான், ஆள் இல்லை. 23-ல் ரயில் பெட்டி ஜன்னல். 24-ல் அதே ஆள், ஒரு திண்ணையில் உட்கார்ந்து மடியில் குழந்தையை வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு தூண், தூணில் சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு தழும்பு.

பெரியம்மா அதைப் பார்த்த உடனே ஆளைப் பார்க்கவே இல்லை. "இது நம்ம கும்பகோணம் வீட்டுத் திண்ணைடா" என்றார். "அந்தத் தூணில் மாட்டு வண்டி இடிச்சது. மடியில் இருக்கிறது உன் அக்கா. அப்போ இது எதிர்வீட்டுக் கம்பவுண்டர் பையன். ஆபீஸ் டூர் போனப்ப உன் பெரியப்பா கேமராவை இரவல் வாங்கிட்டுப் போனான், திருப்பித் தர வந்தப்ப எடுத்தது இது."

டெல்லி மாமாவும் இல்லை, மிலிட்டரிக்காரரும் இல்லை. தாஜ்மகால் படத்தைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் அவர் பெயரை எழுதினார். கீழே "நெகட்டிவ் 24 பார்த்து, நான் சொன்னது" என்றும் எழுதுங்கள் பெரியம்மா என்றேன். தேதியோடு எழுதிக் கொடுத்தார்.